300 கிராம் கூழ், 96 கிராம் ஏடு: மொட்டைமாடியில் மாம்பழத் தாண்ட்ரா

மாம்பழக் கூழை மெல்லிசாகத் தடவி வெயிலில் காயவைத்து எடுக்கும் ஏடுதான் தாண்ட்ரா. நான் முதல் தடவை போட்டது கள்ளு வாடை அடித்தது. பெரிய தாம்பாளத்தில் விரல் கனத்துக்குக் கூழை ஊற்றி, காலையில் மாடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து தொட்டால் மேலே நன்றாகக் காய்ந்து, பளபளவென்று தோல் கட்டியிருந்தது. ஆஹா, ஒரே நாளில் வேலை முடிந்ததே என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அந்தத் தோலுக்கு அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள். கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே கூழ் அப்படியே ஈரமாக, புளித்துப் போய் இருந்தது.

பக்கத்து வீட்டு அத்தை சித்தூர் பக்கத்துக்காரர். தாம்பாளத்தை எட்டிப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இன்னாம்மா இது, கேழ்வரகுக் கூழு ஊத்தி வச்சாப்ல வச்சிருக்கே? தாண்ட்ரான்னா தோசை மாதிரி தேய்க்கணும்." அவர் சொன்னது சரிதான். ஆனால் எந்த அளவு மெல்லிசாக, எத்தனை நாள், எப்போது எடுப்பது என்று கேட்டால், "கைக்கே தெரியும்" என்பார். என் கைக்குத் தெரியவில்லை. அதனால் சமையல்கட்டுத் தராசைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கட்டுரை அந்தத் தராசு சொல்லிக்கொடுத்த வழி. முதலில் மாம்பழம், பிறகு வாழைப்பழத்துக்கு என்ன மாறும் என்பது.

தாண்ட்ரா என்பது தெலுங்குப் பெயர். ஆந்திராவில் கோதாவரிக் கரையிலுள்ள ஆத்ரேயபுரம் இதற்குப் பேர்போன ஊர். அங்கே ஓலைப் பாய்மேல் கூழைத் தடவி, காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு தடவல், அதன்மேல் இன்னொன்று என்று நாள்கணக்கில் ஏற்றி, கனமான பாளமாக வெட்டுவார்கள். வேலூர்ப் பக்கம் எல்லையோரம் என்பதால் நமக்கும் அந்தப் பெயரே பழகிவிட்டது. புதிதாகப் போடுபவர்களுக்கு அந்தப் பாளம் வேண்டாம். ஒரே தடவலில் மெல்லிய ஏடு போதும். அதைச் சுருட்டி வைத்தால் மெல்லுவதற்கும் நன்றாக இருக்கும், கெட்டுப்போகவும் வழி குறைவு.

எப்போது போடுவது

பங்கனபள்ளி வரத்து மே மாதம் முழுக்கவும் ஜூனிலும் நன்றாக இருக்கும். வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஆனால் அதே மே மாதத்தில்தான் நாலு மணிக்கு மேல் திடீரென்று காற்றடித்துக் கோடை மழையும் கொட்டும். ஆகவே கூழை முந்தின நாள் ராத்திரியே காய்ச்சி, ஆறவைத்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலை எட்டரை, ஒன்பதுக்குள் தட்டு மாடியில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் பழம் நறுக்கத் தொடங்கினால் வெயிலில் பாதி நாள் வீண்.

முதல் நாள் வெயில்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கூழில் தண்ணீர் அதிகம் இருக்கும்வரை ஈஸ்ட்டும் பூஞ்சணமும் வளரும். தண்ணீர் வற்ற வற்றச் சர்க்கரையும் புளிப்பும் செறிந்து அவை வளர முடியாத நிலை வரும். அந்த நிலை வருவதற்கும் புளிப்பு தொடங்குவதற்கும் நடுவில் ஓட்டப்பந்தயம். பிறகு நான் சொல்லும் கனம், சர்க்கரை, தட்டு எல்லாமே அந்தப் பந்தயத்தில் வெயிலை ஜெயிக்க வைப்பதற்கான ஏற்பாடுகள்தான்.

பழம்

நான் கணக்குக் காட்டப்போவது 2 கிலோ பங்கனபள்ளிக்கு. நடுத்தர அளவில் ஆறு பழம் வரும். நார் குறைவு, சதை அதிகம், இனிப்பு நிறைவு. கிளிமூக்கு மலிவு, கூழ் கெட்டியாக வரும், ஆனால் தனியாகப் போட்டால் மணம் குறைவு. பாதிக்குப் பாதி கலக்கலாம். கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் கூழ் ஆலைகள் பெரும்பாலும் கிளிமூக்கைத்தான் வாங்குகின்றன என்பதால் அதைத் தரக்குறைவாக நினைக்க வேண்டாம். நாட்டுப் பழத்தில் மணம் தூக்கலாக இருக்கும், நாரும் அதே அளவு இருக்கும். வடிகட்டியே ஆக வேண்டும்.

பழம் முழுக்கக் கனிந்திருக்க வேண்டும், ஆனால் அழுகின இடம் இருக்கக் கூடாது. "கூழாத்தானே ஆக்கப்போறோம்" என்று ஓரம் அழுகின பழத்தை வெட்டி எடுத்துச் சேர்த்தால் அந்த வாடை ஏட்டில் மூன்று மடங்காகத் தெரியும், ஏனென்றால் தண்ணீர்தான் போகிறது, வாடை போவதில்லை. மேலே மஞ்சளாக இருந்து உள்ளே வெளுத்துப் புளிக்கிற பழமும் உதவாது. அது கனியாமல் நிறம் மட்டும் மாறின பழம். சந்தேகமாக இருந்தால் நன்றாக முற்றின காயாக வாங்கி வைக்கோலில் வைத்து நாலைந்து நாளில் பழுக்க வையுங்கள்.

கழுவும்போது காம்புப் பக்கத்துப் பாலை நன்றாகத் தேய்த்து எடுங்கள். அந்தப் பால் கூழில் கலந்தால் துவர்ப்பும் நாக்கில் ஓர் எரிச்சலும் வரும்.

கூழ்

தோல் சீவி, கொட்டை எடுத்து, சதையை மிக்ஸியில் அடித்தால் ஏறத்தாழ 1,200 கிராம் கூழ் கிடைக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக் கூடாது. மிக்ஸி சுத்தவில்லையென்றால் நின்று நிதானமாகக் கரண்டியால் கிளறிவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். நீங்கள் விடும் ஒவ்வொரு கரண்டித் தண்ணீரையும் வெயில்தான் திரும்ப எடுக்க வேண்டும். அடித்ததும் ரவை சல்லடையில் வடித்துவிடுங்கள். பங்கனபள்ளிக்கு இது கட்டாயமில்லை, நான் வழக்கமாக வடிப்பேன். ஒரு நார் தட்டில் நீளமாகக் கிடந்தால் அந்த இடத்தில் ஏடு கிழியும்.

சர்க்கரை 120 கிராம், அதாவது கூழின் பத்தில் ஒரு பங்கு. பழம் தேனாக இனித்தால் பாதியாகக் குறைக்கலாம், விடவும் செய்யலாம். சர்க்கரையில்லாத ஏடு கொஞ்சம் விறைப்பாக, கருப்பாக வரும். சர்க்கரை அதிகமானால் எத்தனை நாள் காய்ந்தாலும் பிசுபிசுப்பு போகாது. வெல்லம் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், நிறமும் மணமும் நன்றாக இருக்கும், ஆனால் வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தேன் அதைவிட மோசம். முதல் தடவை வெள்ளைச் சர்க்கரையோடே போடுங்கள், அடுத்த வருஷம் விளையாடலாம்.

அடிகனமான பாத்திரத்தில் கூழையும் சர்க்கரையையும் சேர்த்து மிதமான தீயில் வையுங்கள். விடாமல் கிளற வேண்டும். ஆவி வரத் தொடங்கி, ஓரத்தில் குமிழ் எழும்பும்வரை சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே பத்து நிமிஷம் வையுங்கள். இது பழத்தின் மேலிருந்த ஈஸ்ட்டுகளை அடக்கும், கூழைக் கருக்கச் செய்யும் நொதிகளையும் நிறுத்தும். நன்றாகக் கொதிக்கவிட்டால் மாம்பழக் கூழ் பொளக் பொளக்கென்று தெறிக்கும். எண்ணெய் தெறிப்பதைவிட மோசம், ஒட்டிக்கொண்டு சுடும். நீளக் கைப்பிடிக் கரண்டி, கையில் ஒரு துணி. அரைமணி நேரம் காய்ச்சினால் அது தாண்ட்ரா இல்லை, ஜாம். பழ மணம் போய்ப் பாகு வாசனை வந்துவிடும்.

இறக்கிய பிறகு ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் சாறு. முன்கூட்டியே விட்டுக் கொதிக்கவைத்தால் புளிப்பு சர்க்கரையை உடைத்து, அதுவும் ஈரத்தை இழுக்கும் பிசுபிசுப்பாக மாறும். அதனால் கடைசியில்தான் விட வேண்டும். எலுமிச்சை சுவைக்கு மட்டுமல்ல, நிறம் நிற்பதற்கும் கெடாமல் இருப்பதற்கும் உதவும். காய்ச்சியதில் கொஞ்சம் வற்றி, கடைசியில் திரும்ப 1,200 கிராம் அளவுக்கே நிற்கும்.

கடைகளில் விற்பதைப் போன்ற பளீர் மஞ்சள் இதில் வராது. ஆலைகளில் நிறம் நிற்பதற்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கொஞ்சம் சேர்ப்பதுண்டு. ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கு அந்தக் கந்தகம் ஒத்துக்கொள்ளாது. வீட்டுக்கு எதற்கு அது? நம் ஏடு காவி கலந்த மஞ்சளாகத்தான் வரும், மாதங்கள் போகப் போக இன்னும் கருக்கும். அது கெட்டுப்போனதற்கான அடையாளமில்லை.

தட்டும் கனமும்

12 அங்குல எவர்சில்வர் தாம்பாளம் நாலு வேண்டும். அலுமினியம் வேண்டாம், புளிப்போடு சேர்ந்து உலோக வாடை வரும். தட்டின் அடியில் மார்க்கரால் 1, 2, 3, 4 என்று எண் போட்டு, ஒவ்வொன்றின் காலி எடையையும் குறித்து வையுங்கள். என் முதல் தட்டு 410 கிராம். அப்புறம் நெய்யைத் துளியளவு விட்டு, விரலால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். கண்ணுக்கு நெய் தெரிந்தால் அதிகம். நெய் அதிகமானால் ஏட்டின் அடியில் நாலு மாதத்தில் சிக்கு வாடை வரும்.

ஒரு தட்டுக்கு 300 கிராம் கூழ். தராசில் வைத்து 710 வரும்வரை ஊற்றுங்கள். 12 அங்குலத் தட்டில் அது பரவினால் 4 மில்லிமீட்டர் உயரம், அதாவது ஏறத்தாழ மூன்று ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த அளவு. கண்ணால் பார்த்தால் "இவ்வளவு கொஞ்சமா" என்று தோன்றும். தோன்றட்டும். 8 மில்லிமீட்டர் ஊற்றினால் இரண்டு மடங்கு நாள் போதாது, அதற்கும் மேலே ஆகும், ஏனென்றால் அடியிலுள்ள தண்ணீர் கனமான கூழைத் தாண்டி மேலே வந்துதான் ஆவியாக வேண்டும். அதற்குள் மேற்பரப்பு காய்ந்து தோல் கட்டிக் கதவை மூடிவிடும். என் தாம்பாளத்தில் நடந்தது அதுதான்.

ஓரத்தை நடுவைவிடக் கொஞ்சம் கனமாக விடுங்கள். ஓரம் எப்போதும் முதலில் காய்ந்து மொறமொறப்பாகிவிடும், கனம் கூட இருந்தால் இரண்டும் சேர்ந்து வரும். கடைசியாகத் தட்டை இரண்டு கையாலும் பிடித்து மேசைமேல் லேசாகத் தட்டினால் கூழ் சமமாகும், காற்றுக் குமிழும் வெடிக்கும்.

மாடிக்குக் கொண்டுபோனதும் ஒரு வேடிக்கை. நம் மொட்டைமாடிகள் எல்லாம் மழைத் தண்ணீர் ஓடுவதற்காகக் குழாய்ப் பக்கம் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத சரிவு, ஆனால் கூழுக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்தில் ஒரு பக்கம் பேப்பராகவும் மறுபக்கம் பணியாரமாகவும் நிற்கும். ஒரு காலித் தட்டில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றி வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் ஓர் ஓட்டுத் துண்டையோ மடித்த அட்டையையோ வையுங்கள்.

பழைய கட்டில்மேல் வைப்பதே எனக்குப் பழக்கம். கட்டில் கால்களை ஒவ்வொரு கிண்ணத் தண்ணீரில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. மேலே கொசுவலை, நாலு மூலையில் கம்பு நட்டு, கூழில் வலை தொடாதபடி தூக்கிக் கட்ட வேண்டும். துணியால் மூடாதீர்கள், காற்று தடைபட்டால் வெயில் மட்டும் என்ன செய்யும்? காக்கா, அணில் இரண்டுக்கும் வலை போதும். மலையடிவாரத்தில் வீடு இருந்து குரங்கு வந்தால், ஒருவர் கூடவே உட்கார வேண்டியதுதான்.

மூன்று நாள் கணக்கு

போன மே மாதம் 1ஆம் எண் தட்டில் எழுதி வைத்தது இது.

முதல் நாள் காலை 710. தட்டை நீக்கினால் கூழ் 300. மதியம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன், மேலே மெல்லிய பட்டுத்துணி மாதிரி தோல் வந்திருந்தது. அதைத் தொட்டுக் குலைக்கக் கூடாது. சாயங்காலம் நாலரைக்கு எடை 590. அதாவது 180 கிராம் பாக்கி, 120 கிராம் தண்ணீர் ஒரே நாளில் போயிருக்கிறது. பாதிக்கும் கீழே வந்திருந்தால் இன்னும் நல்லது, ஆனால் 200ஐத் தாண்டி நின்றால்தான் கவலை. அப்படியிருந்தால் ராத்திரியே வேறு வழி பார்க்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

தட்டை உள்ளே கொண்டுவந்து, சூடு ஆறும்வரை மூடாமல் வைத்து, அப்புறம் வலையால் மூடி ஃபேனுக்கு அடியில் விட்டேன். சுடச்சுட மூடினால் மூடியில் வேர்த்து அந்தத் தண்ணீரே கூழில் சொட்டும். மாடியிலேயே விட்டால் விடியற்காலைப் பனி ஏறும், பகல் வெயில் எடுத்ததில் கொஞ்சம் திரும்பி வந்துவிடும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் 530. கூழ் 120 கிராம். ஓரம் தட்டைவிட்டு விலகத் தொடங்கியிருந்தது. கத்தியால் ஓரத்தைச் சுற்றிவிட்டு ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால், முழு ஏடும் அடியோடு உரிந்து வரும். நடுவில் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். உரிந்த ஏட்டைப் புரட்டி, முறத்தில் விரித்த வலைமேல் அடிப்பக்கம் மேலே வருமாறு போட்டேன். அடிப்பக்கம் ஈரமாக, தொட்டால் விரலில் ஒட்டும்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு மணிக்கு ஏடு மட்டும் 96 கிராம். இங்கேதான் நிறுத்தினேன்.

96 எங்கிருந்து வந்தது? பங்கனபள்ளிக் கூழில் 100க்கு ஏறத்தாழ 83, 84 தண்ணீர். மீதிதான் பழத்தின் திடப்பொருள். 1,200 கிராமில் அது 200 கிராம் அளவு, அதோடு 120 கிராம் சர்க்கரை சேர்ந்தால் 320. நாலு தட்டுக்குப் பிரித்தால் தட்டுக்கு 80. ஏட்டில் இன்னும் ஆறில் ஒரு பங்கு ஈரம் இருந்தால்தான் மெல்ல வரும், முழுக்க எடுத்தால் அப்பளமாக ஒடியும். 80ஐ அந்த ஈரத்தோடு கூட்டினால் 96. ஆக மொத்தம் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு. சர்க்கரை போடாமல் செய்தால் கணக்கு மாறும், 300 கிராம் கூழ் 60 கிராமில் வந்து நிற்கும். பழத்துக்குப் பழம் இனிப்பு மாறுவதால் நாலைந்து கிராம் முன்னே பின்னே இருக்கும், அதற்குப் பதற வேண்டாம்.

எடை போதாது, கையும் பார்க்க வேண்டும். ஏட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முழுக்க ஒரே மாதிரி கண்ணாடியாகத் தெரிய வேண்டும். நடுவில் மங்கலாக, பால் ஊற்றினாற்போல ஓர் இடம் இருந்தால் அங்கே இன்னும் ஈரம். நடுவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக் கூடாது, விரலும் ஈரமாகக் கூடாது. இரண்டாக மடித்தால் வெடிக்காமல் வளைந்து, விட்டதும் மெதுவாக விரிய வேண்டும். மடிப்பில் கீறல் விட்டால் அதிகம் காய்ந்துவிட்டது. ராத்திரி ஒன்றிரண்டு மணி நேரம் மூடாமல் வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தில் கொஞ்சம் இளகும்.

மழை வந்துவிட்டால்

முதல் நாளே மேகம் மூடினால் நம்பிக்கையோடு காத்திருக்காதீர்கள். அந்தக் கூழுக்கு ஓவன் அடுப்பு வேண்டும். ஓடிஜி வைத்திருப்பவர்கள் 60, 65 டிகிரியில் வைத்து, கதவு முழுக்க மூடாதபடி ஒரு மரக்கரண்டியை நடுவில் செருகுங்கள். ஆவி வெளியே போகாவிட்டால் அடுப்பு வெறும் இட்லிப் பானைதான். ஃபேன் ஓடும் அடுப்பென்றால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். 100 டிகிரிக்குக் கீழே போகாத அடுப்பில் முயற்சி செய்ய வேண்டாம், ஓரம் கருகும், நடு வேகும். ஓவனே இல்லையென்றால், கூழைச் சுரண்டி மறுபடி சூடாக்கி ஃபிரிட்ஜில் வைத்து, வெயில் வந்ததும் புதுசாகத் தட்டில் ஊற்றுங்கள். ஒரு தடவை செய்யலாம். இரண்டாவது தடவை நிறமும் மணமும் போய்விடும்.

ஏற்கெனவே குமிழ் வந்து புளித்த வாடை அடித்தால் அதைக் காயவைத்துக் காப்பாற்ற முடியாது. பச்சை, கறுப்புப் புள்ளிகள் தெரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைத் தின்பது வேண்டாம். பூஞ்சண வேர் கண்ணுக்குத் தெரிவதைவிட தூரம் போயிருக்கும். குப்பைக்குத்தான்.

வாழைப்பழத்துக்கு

வாழை வருஷம் முழுக்கக் கிடைக்கும் என்பதால் பழகிக்கொள்ள இதையே முதலில் போடலாம். மாசி, பங்குனியில் வேலூரில் மழைத் தொல்லை கிடையாது, வெயிலும் ஏறிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வெயிலை நம்பி எதையும் போடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது பூவன், லேசான புளிப்பு இருப்பதால். ரஸ்தாளியும் நல்லது. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து, காம்பு தொட்டாலே கழலும் பழமாக வேண்டும். அரைப்பழத்தில் இன்னும் மாவுச்சத்து இருக்கும், ஏடு சுண்ணாம்பு மாதிரி விறைத்து, பல்லில் ஒட்டும்.

இங்கே தொல்லை நிறம்தான். உரித்த வாழைப்பழம் நிமிஷத்தில் கருக்கத் தொடங்கும். அதனால் உரிக்கும் முன்பே பாத்திரத்தில் எலுமிச்சைச் சாறு தயாராக இருக்க வேண்டும், ஒரு கிலோ சதைக்கு இரண்டு பழம். உரிப்பதும் நறுக்குவதும் நேராக அந்தச் சாற்றிலேயே. புரட்டிவிட்டு இட்லித் தட்டில் ஐந்தாறு நிமிஷம் ஆவியில் வைத்து, அப்புறம் மிக்ஸியில் அடியுங்கள். பச்சையாக அடித்துவிட்டுச் சூடாக்கினால், அடிக்கும்போதே காற்று கலந்து பாதி கருத்துவிடும். மாம்பழத்தில் சாறு கடைசியில், வாழையில் முதலில். சர்க்கரை போடாததால் இங்கே அது உடைந்து பிசுபிசுக்கும் கவலை இல்லை.

ஆம், வாழைக்குச் சர்க்கரையே வேண்டாம். நன்றாகக் கனிந்த வாழையில் நாலில் ஒரு பங்கு திடப்பொருள், அதில் பெரும்பாலும் சர்க்கரைதான். 300 கிராம் கூழ் 90 கிராமில் முடியும். வாழைக்கூழ் தானாகப் பரவாது, தோசைக் கரண்டியின் முதுகை நனைத்துத் தேய்க்க வேண்டும். அத்தை சொன்ன தோசைக் கணக்கு இங்கேதான் அப்படியே பொருந்துகிறது. ஒரு சிட்டிகை ஏலக்காய்த்தூள் அல்லது சுக்குத்தூள் சேர்க்கலாம். எவ்வளவு செய்தாலும் ஏடு பழுப்பாகத்தான் வரும். குழந்தைகளிடம் நிறத்தைக் காட்டாமல் முதலில் வாயில் ஒரு துண்டு போட்டுவிடுவது நல்லது.

எடுத்து வைப்பது

ஏடு நிழலில் முழுக்க ஆற வேண்டும். பட்டர் பேப்பரில் வைத்து, பேப்பரோடு சேர்த்தே சுருட்டி, இரண்டு அங்குலத் துண்டுகளாகக் கத்தரியால் வெட்டுங்கள். கத்தரியில் துளி நெய் தடவினால் ஒட்டாது. பேப்பர் இல்லாமல் சுருட்டினால் ஒரே வாரத்தில் ஏடு தனியாகப் பிரியாது, உருண்டை ஆகிவிடும். சிலர் பொடித்த சர்க்கரை தூவுவார்கள், அது ஈரத்தை இழுத்துப் பாகாகும். தூவியே ஆக வேண்டுமென்றால் கார்ன்ஃப்ளார் கொஞ்சம்.

காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் அடைத்து, முதல் வாரம் தினமும் ஒருமுறை ஜாடியைப் பாருங்கள். உள்பக்கம் ஆவி படிந்தாற்போல மங்கினால் ஏதோ ஒரு துண்டில் ஈரம் மிச்சம் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்து அரை நாள் வெயிலில் திரும்பப் போடுங்கள். வெளியே ஒரு மாதம் வைக்கலாம். அதற்கு மேல் என்றால் ஃபிரிட்ஜ், வருஷம் முழுக்க வேண்டுமென்றால் ஃப்ரீஸர். 2 கிலோ பழத்துக்குக் கையில் வருவது 380 கிராம் அளவுதான், எங்கள் வீட்டில் ஃப்ரீஸர்வரை போனதில்லை.

தட்டில் ஓரமாக ஒட்டிக்கொண்டு உரியாமல் நின்ற துண்டுகளைச் சுரண்டி எறியாதீர்கள். அந்தத் தட்டிலேயே கால் டம்ளர் சூடான பாலை ஊற்றி ஐந்து நிமிஷம் விட்டால் அது தானாகக் கரையும். தட்டு கழுவும் வேலையும் பாதி முடியும், மாம்பழப் பாலும் கால் டம்ளர் கிடைக்கும்.